கழுத்து டிசைன்தான் முதல்ல

மாரிச்செல்வி அழகுராஜாவுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி அறுபத்தோராயிரத்து நானூறு ரூபாய். எம்பிராய்டரி மெஷினுக்கு மோட்டார் மாற்றவும் நூல் எடுக்கவும் கைநீட்டி வாங்கின முன்பணம். அழகுராஜா ராஜபாளையத்தில் நைட்டி மொத்த வியாபாரி. தளவாய்புரத்தில் மாரிச்செல்வியின் ஒரே நேரத்தில் ஆறு துணியில் தைக்கிற ஆறு தலை மெஷின் நைட்டிக் கழுத்துக்குப் பூப்போடுவதில் முக்கால்வாசி அவருக்குத்தான்.

அன்றைக்குக் காலையில் அவளுடைய கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே அரைமணி நேரம் எடுத்தது. ஒரு டிசைனைத் திறந்தால் அப்படியே நின்றுகொண்டது. பெட்டிக்குள்ளிருந்து பல்லி கத்துகிற மாதிரி டிக், டிக். அவள் ஒயரைப் பிடுங்கினாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி ராஜபாளையத்தில் வினோத்தின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்துவிட்டாள். வழியிலேயே அழகுராஜாவுக்குப் போன் போட்டு, ஆர்டர் ரெண்டு நாள் தள்ளும் என்றாள். அதுதான் வினை. வினோத் பெட்டியைத் திறந்து முடிப்பதற்குள் அவர் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டார்.

வினோத் ஹார்டு டிஸ்கை மட்டும் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் ஒயர் கொடுத்து மாட்டினான். சோதனைத் திரையில் மஞ்சள் எச்சரிக்கை வந்தது.

"அக்கா, இது இன்னும் சாகலை. ஆனா படிக்க முடியாத இடம் அங்கங்க விழ ஆரம்பிச்சிருச்சி. இதைச் சரிபண்ண எதையும் ஓட்ட மாட்டேன். அது டிஸ்க் முழுசையும் போட்டு உருட்டும், உள்ள உசிரையும் வாங்கிரும். முழு டிஸ்கையும் நகல் எடுக்கலாம், ஆனா பொழுதுக்கும் ஓடும். அம்புட்டு நேரம் தாங்குமான்னு நான் சொல்ல முடியாது. அதனால போனா திரும்பக் கிடைக்காததை மொதல்ல எடுத்துருவோம். மிச்சம் பொறவு. சொல்லுங்க, எது முதல்ல?"

"என்ன கேள்வி இது?" என்றார் அழகுராஜா. "என் கேட்லாக் போட்டோ. தீபாவளிக்கு ஆள் வச்சு எடுத்தது. பூவுக்குக் கலர் பாக்கன்னு கார்டை இவட்ட குடுத்தேன். இவ இதுல ஏத்திக்கிட்டா. கார்டை நான் அழிச்சிட்டேன்."

"எம்புட்டு இருக்கும்?"

"அறுபது ஜிபி" என்றாள் மாரிச்செல்வி. "வீடியோவும் சேத்து. தம்பி, அது வேண்டாம். என் டிசைன் ஃபோல்டரை எடு. எல்லாம் சேந்து ஒரு பாட்டு வீடியோ அளவுகூட வராது."

"டிசைன்தான் உன் மெஷினுக்குள்ளயே இருக்கே!" அழகுராஜா விடவில்லை.

"மெஷினுக்குள்ள இருக்கது தையல் மட்டும் மொதலாளி. ஊசி எங்க குத்தணும்ங்கிறது. அதைப் பெருசாக்குனா பூவுக்கு நடுவுல துணி தெரியும், சின்னதாக்குனா நூல் குவிஞ்சு முண்டும், ஊசி ஒடியும். அளவு மாத்தணும்னா நான் வரைஞ்ச மூல ஃபைல் வேணும். அது இந்த டிஸ்க்ல மட்டுந்தான் இருக்கு. நீங்கதான பெரிய சைஸு கேட்டீக?"

அழகுராஜா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தா பாரும்மா. மெஷினுக்கு மோட்டாரு என் காசு. நூலு என் காசு. உன் பாக்கியைப் பாத்தா இந்தக் கம்ப்யூட்டரே என்னதுதான். என் போட்டோ முதல்ல. இல்லேன்னா பாக்கியை இன்னைக்கே இந்த மேசையில வை."

வினோத் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். ரெண்டு பேரும் அவனுக்கு வாடிக்கை.

மாரிச்செல்வியிடம் அப்போது இருந்தது பஸ் காசும் டிஸ்க் வாங்கக் கொண்டுவந்ததும்தான். மூல ஃபைல் போனால் பெரிய சைஸ் ஆர்டர் போச்சு. ஆர்டர் போனால் பாக்கிக்கு வட்டி ஏறும், மெஷின் அவர் கொட்டகைக்குப் போகும், அவள் அதே மெஷினில் கூலிக்கு நூல் கோத்துக்கொண்டு நிற்பாள். இது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"கடன் உங்களது மொதலாளி. டிசைன் என்னது" என்றாள். "பாக்கியை நான் இல்லேன்னு சொல்லலை. அதுக்காக என் டிசைனைக் குழியில போட மாட்டேன். நகரு தம்பி."

வினோத் நகர்ந்தான். அவளே உட்கார்ந்து மவுஸைப் பிடித்தாள்.

"படம் படமாத் தெரியிற மாதிரி வச்சிராதீக அக்கா, ஒவ்வொண்ணையும் படிச்சுச் சாகும். பேரு மட்டும் வரிசையாத் தெரியட்டும்."

தீபாவளிக் கழுத்து ஃபோல்டரை முதலில் இழுத்து, வினோத் மாட்டிக் கொடுத்த புது டிஸ்கில் போட்டாள். அதுவே இழுத்துக்கொண்டுதான் போனது. பிறகு மற்ற மூல ஃபைல்கள், ஒவ்வொரு ஃபோல்டராக. டிசைன் போடுகிற சாஃப்ட்வேரைத் தொடவில்லை, திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். தையல் ஃபைல் மெஷினில் இருக்கிறது. புருஷன் சேர்த்து வைத்த சினிமாப் பாட்டு எக்கேடும் கெடட்டும்.

அன்னப்பறவை என்ற ஃபைலில் வந்து நின்றுவிட்டது. டிக், டிக்.

"அதை விடுங்க அக்கா. அதுலயே முட்டிக்கிட்டு நின்னா மத்ததும் போயிரும். கடைசியா வந்து பாப்போம்."

அவள் முதன்முதலாக வரைந்த கழுத்து அது. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினாள். மற்றதெல்லாம் வந்து சேர்ந்தது. வினோத் புது டிஸ்கில் நாலைந்தைத் திறந்து காட்டினான். இதழ் இதழாக, சரியாக இருந்தது.

"இப்ப உங்க போட்டோ மொதலாளி."

அழகுராஜா எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்சம் போட்டோ வந்தது. வேகம் குறைந்தது. நின்றது. டிக் சத்தம் கடகடவென்று ஆனது. அப்புறம் அந்த டிஸ்க் திரையிலிருந்தே காணாமல் போனது. வினோத் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டினான். அன்னப்பறவையும் அதற்குள்ளேயே நின்றுவிட்டது.

"போச்சா?"

"என்னால இனி முடியாது அண்ணாச்சி. மெட்ராஸ்ல பெரிய இடத்துல குடுத்துப் பாக்கணும். செலவு ஜாஸ்தி."

"கெடுத்தியே பாவி!"

"உங்களதை முதல்ல போட்டிருந்தா ரெண்டும் போயிருக்கும்" என்றாள் மாரிச்செல்வி. "சரி, போட்டோ எடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூரு சமுத்திரம் அண்ணாச்சிதான? அவர்ட்ட இருக்குமே?"

அழகுராஜா வாசலில் நின்ற ஸ்கூட்டரைப் பார்த்தார்.

"ஏன் மொதலாளி பேச மாட்டேங்கீக? அவருக்கும் பாக்கியா?"

வினோத் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு சிரித்தான். மாரிச்செல்வி போனைப் போட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"இருக்கே!" என்றார் சமுத்திரம். "ரெண்டு எடத்துல பத்திரமா இருக்கு. அழகுராஜா பாக்கியைக் குடுத்துட்டு வாங்கிக்கிடட்டும். அவிய என் போனைத்தான் எடுக்க மாட்டேங்கிறாவ."

அழகுராஜாவுக்கு முகம் சிவந்தது. "வாரேன்னு சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். அது ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுப் பக்கம் திரும்பியதை ரெண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் புது டிஸ்க் போட்ட கம்ப்யூட்டரில் பெரிய சைஸுக்குக் கழுத்து டிசைனை மாற்றினாள். நூல் நெருக்கத்தை அந்தத் துணிக்குத் தக்கன குறைத்தாள். ஒரு துண்டுத் துணியில் ஓட்டிப் பார்த்தாள், ஊசி ஒடியவில்லை. நாலாயிரம் கழுத்து, கழுத்துக்கு இருபது ரூபாய். தீபாவளிக்கு முந்தி கடைசிக் கட்டும் அழகுராஜா கடையில் இறங்கியது.

அழகுராஜா கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். "எண்பதாயிரம். உன் பாக்கி போக... சரி, ஒரு நானூறைத் தள்ளிக்கிடுதேன். அறுபத்தோராயிரம்னு வச்சுக்க."

"வேண்டாம் மொதலாளி. முழுசாக் கழிங்க."

"ஏம்மா, வார காசை வேண்டாங்குறே?"

"நாளைக்கு இந்த நானூறைச் சொல்லிக்கிட்டு இன்னொரு கடைக்கு வந்து, என்னது முதல்லன்னு நிப்பீக."

அவர் கல்லாவைத் திறந்தார். பதினெட்டாயிரத்து அறுநூறை எண்ணி வைத்தார். மாரிச்செல்வி திரும்ப எண்ணினாள். கணக்கு நோட்டில் அவள் பேருக்கு நேரே இருந்த தொகையை அவர் குறுக்கே அடிக்கிறவரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டினாள்.