இருட்டு மேடத்தின் பேட்டி

வேலை கேட்டு எழுதிய மின்னஞ்சல்களுக்கு அவரிடமிருந்து ஒரு வரி பதில்கூட வந்ததில்லை. பேட்டி கேட்டு எழுதினேன். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது. 'ரொம்ப சந்தோஷம், எப்போது பேசலாம்?' உலகத்தைப் பிடித்துவிட்டேன் என்று அன்று கடையில் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அவர் நாடக மேடைகளுக்கு ஒளி அமைப்பவர். 'இருட்டு மேடம்' என்றால்தான் எங்கள் வட்டாரத்தில் தெரியும். மற்றவர்கள் பத்து விளக்கைப் போடும் இடத்தில் ஒன்பதை அணைத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒன்றை வைத்து நம்மை அழவைத்துவிடுவார். நான் பகலில் விளக்குக் கடையில் விற்பனையாளன். வார இறுதியில் சின்னக் குழுக்களின் நாடகங்களுக்கு லைட் போடுகிறவன். அவரிடம் உதவியாளராகச் சேர்ந்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசையே கிடையாது.

பாட்காஸ்ட் ஆரம்பித்ததும் அதற்காகத்தான். மேடைக்குப் பின்னால் வேலை செய்பவர்களோடு உரையாடல்.

"சும்மா போய் நின்னா யாரும் கண்டுக்க மாட்டாங்க. மைக்கோட போனா நாற்காலி போட்டு உக்கார வைப்பாங்க" என்று மனைவியிடம் சொன்னேன்.

"உக்காந்ததும் வேலை கேட்டுடுவியா?"

"எடுத்ததும் கேட்டா அசிங்கமா இருக்கும். முதல்ல பழகணும்."

"பழகு, பழகு" என்றாள்.

நாலைந்து பேரோடு பேசிக் கைபழகிய பிறகுதான் மேடத்துக்கு எழுதினேன். அவருடைய பழைய பேட்டிகளையெல்லாம் கேட்டு, அவற்றில் வராத கேள்விகளாகத் தேடிப் பிடித்தேன். அவர் வீட்டுக் கூடத்தில் ஃபேனையும் ஃபிரிட்ஜையும் அணைக்கச் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு மைக் வைத்து உட்கார்ந்தோம். பேச்சு அருமையாகப் போய்க்கொண்டிருந்தபோது அவரே கேட்டார்.

"என்னையே கேட்டுட்டு இருக்கீங்களே, நீங்க என்ன பண்றீங்க? லைட்டிங் பக்கம் ஏதாவது?"

சொல்லியிருக்கலாம். ஆனால் பேட்டி எடுப்பவன் தன் புராணத்தைப் பாடக் கூடாது என்று எங்கேயோ படித்துத் தொலைத்திருந்தேன். "என் கதை கிடக்கட்டும் மேடம், அந்தக் கடைசி சீனுக்கு வருவோம்" என்று சிரித்து மழுப்பினேன். வீட்டுக்கு வந்து எடிட் செய்யும்போது அதையும் வெட்டினேன். என் குரலை வெட்ட வெட்ட நிகழ்ச்சி அழகாகிக்கொண்டே போனது.

அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். தன் பக்கத்தில் பகிர்ந்தார். தனக்குத் தெரிந்த இரண்டு பெரிய ஆட்களிடம் அவரே பேசி, என்னோடு பேச வைத்தார். அவர்கள் இன்னும் இரண்டு பேரைக் கைகாட்டினார்கள். சனி, ஞாயிறெல்லாம் படிப்பதிலும் பதிவதிலும் இருமலையும் செருமலையும் வெட்டுவதிலும் போனது. சின்னக் குழுக்கள் கூப்பிட்டால், "இந்த வாரம் ரெக்கார்டிங் இருக்கு" என்பேன். கொஞ்ச நாளில் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். போனால் போகட்டும் என்றிருந்தேன். பெரிய அரங்குகளின் வாசலில் பெரியவர்கள் என் தோளில் கை போட்டுப் பேசினார்கள். வேலை கேட்க மட்டும் வாய் வரவில்லை. பழகிய பிறகு கேட்பது, பழகாமல் கேட்பதைவிடக் கஷ்டம்.

இரண்டு வருடம் இப்படியே போயிற்று. ஒருநாள் மேடம் கூப்பிட்டார். ஒரு வாடிக்கையாளருக்குச் சரவிளக்கைக் காட்டிக்கொண்டிருந்தவன் கோடவுனுக்குள் ஓடினேன்.

"ஒரு உதவி வேணுமே. எங்கிட்ட அசிஸ்டெண்ட் இடம் காலியாகுது. இந்த ஃபீல்டுல உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியுமே, நல்ல ஆளா ஒருத்தர் சொல்லுங்க."

"நான் வரேன் மேடம்" என்றேன். வந்துவிட்டது வாயில்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார்.

"நீங்க லைட்டிங் பண்ணுவீங்களா? வேலை கேட்டு வர்ற மெயிலை நான் திறக்கறதே இல்ல, ஆனா அன்னிக்கு நேர்லயே கேட்டேனே! அப்போ ஆள் கிடைக்காம திண்டாடிட்டு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மறுநாளே கூட்டிட்டுப் போயிருப்பேனே."

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"சரி, இப்ப மட்டும் என்ன? சமீபத்துல எந்த நாடகம் பண்ணீங்க? வந்து பாக்கறேன்."

"இப்போ... எதுவும் இல்ல மேடம்."

"வீடியோ இருந்தாலும் போதும்."

"ரெண்டு வருஷமா எதுவுமே பண்ணல மேடம்."

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடி என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அப்போ வேற யாரையாவது சொல்லுங்களேன்" என்றார், மெதுவாக.

ஒருவனைச் சொன்னேன். நம்பரையும் கொடுத்தேன்.

"நல்லா பண்ணுவாரா?"

"நல்லா பண்ணுவான் மேடம்" என்றேன். பொய்யில்லை. 'ரெக்கார்டிங் இருக்கு' என்று நான் மறுத்த நாடகத்துக்கெல்லாம் லைட் போட்டவன் அவன்தான்.