தொப்பை விழுந்த பை

மார்ச் 3, திங்கள். தவறு என்னுடையதுதான். மிக்ஸியை நாலு நிமிடம் நிறுத்தாமல் ஓட்டிவிட்டேன். ஜாரைத் தொட்டால் சுட்டது. இஞ்சி பூண்டு விழுது கசந்துவிட்டது. சமையல் மாஸ்டரிடம் நானே சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ?

அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு அவள் ரொம்ப நேரம் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். அச்சகத்துக் கேண்டீனில் அறுபது பேருக்கு மதியச் சாப்பாடு. அதற்கு ஒரு வாரத்துக்கான விழுதை அரைத்து வைப்பது அவள் பொறுப்பு. வேலை முடிந்ததும் உணவுப் பதப்படுத்தல் மாலை வகுப்புக்குப் போவாள். எதைச் செய்தாலும் நோட்டில் எழுதுவாள். அதனால் கேண்டீனில் அவளுக்குப் பெயரே நோட்டு.

தவறை ஒப்புக்கொண்டதில் ஒரு சங்கடம் இருந்தது. அதற்குப் பிறகு எது கெட்டாலும் எல்லார் கண்ணும் அவள் பக்கம்தான் திரும்பியது.

அன்றே அவள் முறையை மாற்றினாள். மூன்று பங்கு பூண்டுக்கு இரண்டு பங்கு இஞ்சி. பூண்டின் நடுவில் பச்சைக் குருத்து இருந்தால் கிள்ளி எடுப்பாள். இஞ்சியைத் தோல் சீவி, நார் நீளாதபடி குறுக்கே மெல்லிசாக நறுக்குவாள். துடைத்துக் காய்ந்த ஜாரில் உப்பும் எண்ணெயும் சேர்த்து, விட்டுவிட்டு அரைப்பாள். தண்ணீர் ஒரு சொட்டுகூட இல்லை. கசப்பு போன இடம் தெரியவில்லை.

அரைத்ததில் நாலு நாளுக்கானது பாட்டிலில் ஃப்ரிட்ஜின் உள்தட்டுக்குப் போகும். கதவில் வைக்க மாட்டாள், திறந்து மூடும்போதெல்லாம் சூடு படும். மீதி டப்பாக்களில் அடைபட்டு ஃப்ரீசருக்குப் போகும். ஃப்ரீசர் தனிப்பெட்டி, ஸ்டோர் ரூம் மூலையில் இருந்தது. அதில் விழுதும் பச்சைப் பட்டாணியும்தான் இருக்கும்.

அடுத்த திங்கட்கிழமை ஃப்ரீசர் டப்பாவைத் திறந்து இளக்கியபோது புளித்த வாடை மூக்கில் ஏறியது. அதற்கடுத்த திங்களும் அதே கதை.

"நோட்டு, என்னம்மா இது? முதல்ல கசப்பு, இப்போ புளிப்பு. அடுத்து இனிப்பா?" என்றார் மாஸ்டர். நல்ல மனுஷர்தான். ஆனால் அறுபது பேர் தட்டைத் தள்ளிவிட்டுப் போனால் முதலாளி முன்னால் நிற்க வேண்டியவர் அவர்.

"ஜாரை ரெண்டு தடவை துடைச்சேன் மாஸ்டர்."

"துடைச்சா மட்டும் போதுமா? இன்னொரு தடவை புளிச்சுதுன்னா பாக்கெட் பேஸ்டுக்குச் சொல்லிடுவேன். நீ பழையபடி உரிக்கிற வேலைக்குப் போயிடு."

பூண்டு உரித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "அதென்ன உரிக்கிற வேலைன்னா அவ்வளவு மட்டமா? நான் பதினோரு வருஷமா உரிக்கிறேன்!"

"உன்னை யாரு சொன்னா?"

"என் நகத்தைப் பாருங்க, மட்டமா இல்லையான்னு தெரியும்."

அன்று வகுப்பு முடிந்து வந்து நோட்டைப் புரட்டியபோது அவளுக்கு ஒன்று இடித்தது. ஒரே நாளில், ஒரே ஜாரில் அரைத்த விழுது. ஃப்ரிட்ஜ் பாட்டிலில் இருந்தது நன்றாக இருந்தது, ஃப்ரீசரில் இருந்தது புளித்தது. அதிகக் குளிரில் வைத்ததா முதலில் கெடும்? அதை இரண்டு முறை அடிக்கோடிட்டாள். பிறகு வழக்கம்போலத் தன்னையே சந்தேகப்பட்டு, "டப்பாவில் ஈரம் இருந்திருக்கலாம்" என்று கீழே எழுதினாள்.

டப்பாவை விட்டுவிட்டாள். வகுப்பில் சொன்னபடி, பிளாஸ்டிக் பைகளில் விழுதைப் போட்டுக் காற்றைப் பிதுக்கி, விரல் தடிமனுக்குத் தட்டையாக்கினாள். மெல்லிசாக இருந்தால் சீக்கிரம் உறையும், வேண்டிய அளவு ஒடித்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை தட்டில் படுக்கவைத்து உறையவிட்டாள். சனிக்கிழமை மதியம் கேண்டீன் மூடும் முன், கல்லாய் இறுகியிருந்த எட்டுப் பைகளையும் அலமாரியில் புத்தகம் அடுக்குவதுபோல் நிமிர்த்தி வைத்தாள்.

மார்ச் 24, திங்கட்கிழமை காலை. ஃப்ரீசரைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

எட்டுப் பைகளும் உறைந்துதான் இருந்தன. தட்டினால் டக்கென்று சத்தம் வந்தது. ஆனால் ஒன்றுகூடத் தட்டையாக இல்லை. மேலே ஒட்டிப்போய், கீழே பருத்து, ஒவ்வொன்றுக்கும் தொப்பை விழுந்திருந்தது.

"மாஸ்டர், இதை உபயோகிக்கக் கூடாது" என்றாள். இந்த முறை தன்னைச் சந்தேகப்படவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"திறக்கவே இல்லையே, அதுக்குள்ள கெட்டுப்போச்சா?"

"இளகியிருக்கு. இளகி, கீழே இறங்கி, மறுபடியும் உறைஞ்சிருக்கு. இல்லைன்னா இந்தத் தொப்பை எங்கிருந்து வந்தது?"

மாஸ்டர் ஒரு பையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அக்கா எட்டிப் பார்த்து, "அப்படியே உங்க ஜாடை மாஸ்டர்" என்றாள்.

"கரண்ட் போயிருக்கும்."

அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து பாலை எடுத்து நீட்டினாள். "கரண்ட் போயிருந்தா சனிக்கிழமை வச்ச பால் திரிஞ்சிருக்கணும். ஃப்ரீசர் மட்டும்தான் நின்னிருக்கு. ஒரு ராத்திரிக்கு மேலேயே நின்னிருக்கணும். பட்டாணியைப் பாருங்க, ஒரே உருண்டை."

"பட்டாணிக்காரனை ரெண்டு வாரமா வாய்க்கு வந்தபடி திட்டினேனே!" என்றார் மாஸ்டர்.

அக்கா குனிந்து ஃப்ரீசருக்குப் பக்கத்தில் பார்த்தாள். தரையில் தண்ணீர் ஓடிக் காய்ந்த கறை. அதன்மேல் கருப்பாக ஒரு டயர் தடம்.

மூன்று பேரும் அந்தத் தடத்தைப் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேர் மாஸ்டரைப் பார்த்தார்கள். இந்த மாதம்தான் அவர் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியிருந்தார்.

"சனிக்கிழமை ஃப்ரீசர் பிளக்கைப் பிடுங்கி, அங்கே வண்டிக்குச் சார்ஜ் போட்டுட்டு பஸ்ல போவேன்" என்றார், மெதுவாக. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து வண்டியை எடுத்துட்டு பிளக்கைத் திரும்பச் சொருகிடுவேன். காலையில பார்த்தா எல்லாம் கல்லு மாதிரி இருக்கும். அதனால..."

"அதனால புள்ளை தலையில போட்டீங்க" என்றாள் அக்கா. "நான் உரிச்ச பூண்டையெல்லாம் உங்க வண்டி தின்னுடுச்சு!"

நோட்டு ஒரு பையைத் தண்ணீரில் போட்டு இளக்கித் திறந்தாள். புளித்த வாடை அடித்தது. ஃப்ரிட்ஜ் பாட்டிலில் அதே வெள்ளிக்கிழமை அரைத்தது மூக்கைச் சுண்டும் வாசனையோடு அப்படியே இருந்தது. மாஸ்டர் இரண்டையும் மாறிமாறி முகர்ந்தார். எட்டுப் பைகளையும் தன் கையாலேயே குப்பையில் போட்டார். பாட்டில் அன்றைய சமையலுக்குப் போதும்.

பதினொன்றரைக்கு முதலாளி சமையலறைக்குள் தலையை நீட்டினார். "பாக்கெட் பேஸ்ட் வேணும்னு சொன்னீங்களே, ஆர்டர் போட்டுடவா?"

"வேண்டாம் சார்" என்றார் மாஸ்டர். "விழுதுல குத்தமே இல்லை, என் புத்தியிலதான். இந்தப் பொண்ணு பையோட வயித்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுச்சு. பாக்கெட்ல இதெல்லாம் வருமா?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகத்தில் வந்த சிரிப்பை மறைக்க முடியவில்லை. சரி, எதற்கு மறைக்க வேண்டும் என்று திரும்பி நின்றாள்.

முதலாளி போனதும் மாஸ்டர் ஃப்ரீசர் பிளக்கின்மேல் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டினார். "ஏம்மா நோட்டு, பையில தேதி மட்டும்தான் எழுதுறே. யாரு அரைச்சதுன்னு எழுத மாட்டியா?"

"அது எதுக்கு மாஸ்டர்?"

"எதுக்கா? முதலாளி வந்து பார்த்தா தெரிய வேண்டாமா?"

"உரிச்சது யாருன்னும் எழுதுடி" என்றாள் அக்கா.

அன்று நோட்டில் அவள் எழுதினாள்:

மார்ச் 24, திங்கள். தவறு என்னுடையது அல்ல. இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதலாம்.

நாளை: பூண்டு ஒன்றரைக் கிலோ, இஞ்சி ஒரு கிலோ. ஜாரை இன்றே கழுவிக் கவிழ்த்து வைத்தாயிற்று. தட்டையாக எட்டுப் பைகள். தேதி, அரைத்தவர், உரித்தவர் மூன்றையும் அழியாத மையில் எழுத வேண்டும்.