முந்தின நாள் தேதி

செஞ்சியில் ராஜகிரி அடிவாரத்தில் பூமியின் காந்தத்தை அளக்க முகாம் போட்டவர்கள் ஒரே ஒரு விஷயத்தில்தான் கறாராக இருந்தார்கள். வேலை தொடங்கிய நேரத்தையும் அளவெடுத்து முடித்த நேரத்தையும் கிரீன்விச் நேரத்தில்தான் எழுத வேண்டும். அப்போதுதான் ஆப்பிரிக்காவில் எழுதுகிறவனின் குறிப்போடு நம் குறிப்பு ஒத்துப்போகும்.

நம் நேரத்தில் ஐந்தரை மணியைக் கழித்தால் போதும். எனக்கு மாலை முறை, சிக்கலில்லை. என் உதவியாளன் தனகோட்டிக்கு விடிகாலை முறை. ஐந்து மணிக்குத் தொடங்கி 23.30 என்று சரியாகவே எழுதினான். தேதியை மட்டும் மாற்றவில்லை. கிரீன்விச்சில் அது முந்தின நாள் இரவு. நானும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

ஆறு மாதமாக மற்ற நாடுகளில் காந்தமுள் துடித்த இரவில் செஞ்சியில் அமைதி, மறுநாள் இங்கே மட்டும் துடிப்பு. கருவி கெட்டது என்று தலைமை அலுவலகம் முடிவுகட்டியது. விடிகாலைக் குறிப்புகளின் தேதியில் ஒரு நாளைக் குறைத்தால் எல்லாம் பொருந்தும் என்று விளக்கி எழுதினேன். அறிக்கை அச்சாகிவிட்டதாம். பதினைந்தாம் தேதி முகாமை மூடச் சொல்லிப் பதில் வந்தது.

அந்தப் பதினைந்தாம் தேதி விடிகாலை ஐந்துக்கே தலைமை அலுவலக அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். தனகோட்டி கருவியை மறித்து நின்றான்.

"இன்னா சார், கிரீன்விச்சுல இன்னும் பதினாலுதானே ஆவுது? இன்னிக்கு ஒரு அளவு எடுத்துக்கிறேன் சார்."

அவர் சிரிக்கக்கூட இல்லை.

"உத்தரவு நம்ம தேதிப்பா. பெட்டிய ஏத்து."