ஒரு மூட்டை மல்லாட்டை விதை

விழுப்புரத்தில் ஒரு விதைக் கம்பெனி. கிருஷ்ணவேணி பகலெல்லாம் அங்கே பதியும் ஆர்டர்கள், பதினோரு வருடமாக, இரவில் ஒரே ஃபைலாகத் திண்டிவனம் குடோனுக்குப் போய்க்கொண்டிருந்தன. காலையில் அங்கே ஃபைலைச் சரிபார்க்கும் விருத்தாசலம் என்பவர் போன் செய்வார்.

“எண்ணிக்கை சரியாகீதும்மா. சாப்டியா?”

அவரை அவள் நேரில் பார்த்ததில்லை. தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறவளை அப்படிக் கேட்க வேறு ஆளும் இல்லை.

இப்போது ஆர்டர் பதிந்த கணமே அந்தச் செய்தி குடோனுக்கும் பில்லிங்குக்கும் லாரிக்கும் தானாகப் போய்விடுகிறது. ஃபைல் இல்லை, எண்ணிக்கை பார்ப்பதும் இல்லை. பாழாய்ப்போன வேகம்! கூப்பிட ஒரு காரணம்கூட மிச்சமில்லை.

ஒரு மதியம் தன் பெயரிலேயே ஒரு மூட்டை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைக்கு ஆர்டர் போட்டாள். குறிப்பில், “விருத்தாசலம் சார், சாப்டீங்களா?” என்று எழுதினாள். அனுப்பியதும் வெட்கமாகிவிட்டது. உடனே ரத்து செய்தாள். இரவுக்குள் ரத்து செய்தால் திண்டிவனத்துக்குத் தெரியாது என்பது பழைய நினைப்பு. ஆனால் ஆர்டர் போய்ச் சேர்ந்திருந்தது. ரத்து அதன் பின்னால் போன இன்னொரு செய்தி, அவ்வளவுதான்.

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

“குடோன்லேர்ந்து அஸ்வினி பேசறேங்க. ரத்து வர்றதுக்குள்ள மூட்டைய எடுத்துட்டேன். குறிப்புல இருக்கறவரு... ஃபைல் பாக்கறவருதானே? அந்த வேலையே இல்லைன்னு போன மாசம் அவர நிறுத்திட்டாங்க.”

“எங்க போனாரு?”

“தெரியலீங்களே. மூட்டைய திரும்ப வச்சுடட்டா?”

“வச்சுடும்மா.”

அவள் ரிசீவரை வைப்பதற்குள் திரையில் செய்தி வந்துவிட்டது: மூட்டை திரும்ப வைக்கப்பட்டது.