மூக்கைத் தவிர எங்கே வேண்டுமானாலும்

படத்தைக் கெடுப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். இது என்ன பெரிய வேலை என்று கேட்பவர்கள் ஒரே ஒரு நாள் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். பாட்டு ஆல்பங்களுக்கு அட்டைப்படம் செய்யும் சின்ன ஸ்டுடியோ ஒன்றில் பிராம்ப்ட் எழுதுகிறேன். அதாவது, எப்படிப்பட்ட படம் வேண்டும் என்று வாக்கியமாக எழுதிக் கணினிக்குக் கொடுப்பேன். அது வரைந்து தரும். எனக்கென்று ஒதுக்கியிருப்பது வேப்பர்வேவ், கிளிட்ச் வகையறா. பளிங்குச் சிலை, இளஞ்சிவப்பில் தொடங்கி வெளிர் நீலத்தில் கரையும் வானம், பழைய டிவியில் தெரியுமே அந்தப் படுக்கைக் கோடுகள், வயர் ஆடினால் படம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகுமே அந்தச் சிதைவு. எவ்வளவு சிதைய வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதில்தான் வித்தையே இருக்கிறது.

என் அம்மாவுக்கு இந்த வித்தை பிடிபடவில்லை. ஆறு வருஷமாக ஒவ்வொரு அட்டையையும் கொண்டுபோய்க் காட்டுகிறேன். அம்மா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் உன் பேர் எங்கே என்று மட்டும் கேட்பாள். ஸ்டுடியோ பேர்தான் போடுவார்கள் என்று சொன்னால், “அப்ப வேலைய யாரு பாக்குறா, ஸ்டுடியோவா?” என்பாள். கோபம் பொத்துக்கொண்டு வரும். அம்மா மேல் இல்லை. கேள்வி நியாயமாக இருக்கிறதே என்றுதான்.

அப்படி இருக்கையில்தான் அந்தப் பாடகர் வந்தார். தன் முகத்தையே பளிங்குச் சிலையாக்கி அட்டையில் போட வேண்டும், சிலை முழுக்கச் சிதைவு ஓட வேண்டும், ஆனால் மூக்கில் கை வைக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு முன்னால்தான் ஆபரேஷன் செய்து நேராக்கிய மூக்காம். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து எங்களுக்கு அதைக் கொஞ்ச நேரம் காட்டினார். நல்ல மூக்குதான், பொய் சொல்லக் கூடாது. மூக்கு சரியாக வந்தால் அட்டையின் முன்பக்கத்திலேயே என் பேரைப் போடுவதாக முதலாளி எதிரிலேயே வாக்குக் கொடுத்தார். எனக்கு வாயெல்லாம் பல்.

அன்று மத்தியானமே அவருடைய புகைப்படத்தையும் கொடுத்து முதல் பிராம்ப்டை எழுதினேன். மூக்கு சிதையக் கூடாது என்று தெளிவாகக் குறிப்பிட்டேன். வந்த படத்தில் வானம் அருமை, சிலை அருமை, மூக்கு மட்டும் மூன்று துண்டாகிக் காதுப் பக்கம் நகர்ந்திருந்தது. சரி, நாம் சொன்னது போதவில்லை போலிருக்கிறது என்று, மூக்கை எந்தக் காரணம் கொண்டும் சிதைக்காதே, மூக்கு நேராக இருக்க வேண்டும் என்று சேர்த்தேன். இரண்டு மூக்கு வந்தது. இரண்டும் நேராகத்தான் இருந்தன. நாலாவது நாள் முகம் எங்கே என்று தேடும்படி மூக்கு வளர்ந்து, அதில் மட்டும் கோடு கோடாகச் சிதைவு ஓடியது.

என் பக்கத்து மேஜைக்காரனுக்குக் கண்ணாடி என்று பேர். கண்ணாடி போட்டிருப்பதால் இல்லை. எங்கேயாவது வைத்துவிட்டு நாள் முழுக்கத் தேடுவதால். படம் வந்த பிறகு எடிட்டிங் எல்லாம் அவன்தான். இந்த மூக்குகளை ஒரு தனி ஃபோல்டரில் சேர்த்து வைத்து, டீ குடிக்கும்போதெல்லாம் திறந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். எனக்கு அவனைக் கடித்துக் குதற வேண்டும்போல் இருந்தது.

ஐந்தாவது நாள் பாடகர் நேரில் வந்துவிட்டார். இன்றைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஸ்டுடியோவுக்குப் போகிறேன் என்றார். நான் என்னதான் எழுதியிருக்கிறேன் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். வாசித்துக் காட்டச் சொன்னார். என் குரல் நடுங்கும் என்று கண்ணாடியிடம் கொடுத்தேன். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினான். மூக்கு நேராக, மூக்கில் கோடு இல்லாமல், மூக்கு துண்டாகாமல், மூக்கின் நுனி நகராமல் என்று போய்க்கொண்டே இருந்தது. பாதியில் நிமிர்ந்து பார்த்தேன். பாடகர் தன் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். முதலாளி மூக்கைத் தடவிக்கொண்டிருந்தார். வாசிக்கிறவனே ஒரு கையால் சொறிந்துகொண்டிருந்தான். என் கையும் என் மூக்கில்தான் இருந்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கணினியின் பேரில் குற்றமே இல்லை. நான் பன்னிரண்டு தடவை மூக்கு என்றிருக்கிறேன், பக்கத்திலேயே சிதைவு என்றும் எழுதியிருக்கிறேன். ‘கூடாது’ என்கிற வார்த்தையை அது பெரிதாகக் கண்டுகொள்ளாது. மூக்கும் சிதைவும்தான் அதன் காதில் விழும். வேண்டாததைச் சொல்லாதே, வேண்டியதைச் சொல் என்று புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான். யானைக்கும் அடி சறுக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் யானை ஐந்து நாள் தொடர்ந்து சறுக்காது.

பிராம்ப்டில் இருந்த எல்லா மூக்கையும் அழித்தேன். முகம் முழுக்க வழவழப்பான பளிங்கு, அமைதியான வெளிச்சம். கழுத்துக்குக் கீழே மட்டும் படம் பட்டை பட்டையாகப் பக்கவாட்டில் இழுபட வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். அரை நிமிஷம்தான். சிலை எழுந்து நின்றது. பாடகர் திரைக்கு எதிரில் பக்கவாட்டில் திரும்பி நின்று, ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அச்சு அசலாக அதே மூக்கு. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சிலை முழுக்கச் சிதைவு கேட்டதே மறந்துபோனது.

டிவிக் கோடுகள் போடுவது கண்ணாடியின் வேலை. கணினியையே போடச் சொன்னால் ஒன்று தடியாகவும் ஒன்று மெலிசாகவும் இழுத்து வைக்கும். படத்தை அச்சு அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் போட வேண்டும். முதலில் போட்டுவிட்டு அப்புறம் சுருக்கினால் கோடுகள் ஒன்றோடொன்று சண்டை போட்டு அலை அலையாகப் பட்டை விழும். அவன் அளவு பார்த்தான், கீழே வலது மூலையில் என் பேரை வைத்தான், கோடுகளை ஓடவிட்டான், கழுத்துக்குக் கீழே சிவப்பை ஒரு பக்கமும் நீலத்தை ஒரு பக்கமும் நகர்த்தினான். என் பேர் மூன்றாகப் பிரிந்து, நாலு இடத்தில் வெட்டுப்பட்டு, கரப்பான் பூச்சி மையில் விழுந்து எழுந்து ஓடிய மாதிரி ஆனது.

“அக்கா, உங்க பேர மட்டும் இந்தக் கோட்டுக்கெல்லாம் மேல தூக்கி வச்சிடவா? தெளிவா தெரியும்” என்றான் அவன், பாவம், நல்ல மனசோடு.

வைக்கச் சொன்னேன். பளிச்சென்று தெரிந்தது. ஆறு வருஷம் காத்திருந்த பேர். கண் நிறையப் பார்த்தேன். இரண்டாவது தடவை பார்த்தபோது, சட்டையில் கிழிக்காமல் விட்ட விலைச்சீட்டு மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. சுற்றிலும் எல்லாம் உருகி ஓட, அது மட்டும் விறைத்துக்கொண்டு நின்றது. கொஞ்சம் சின்னதாக்கிப் பார்த்தோம், நிறத்தை மங்கலாக்கிப் பார்த்தோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நான் விட்டிருப்பேனா?

“கோட்டுக்குக் கீழயே போட்டுடு” என்றேன்.

அட்டை அச்சாகி வந்த அன்று நேரே அம்மாவிடம் கொண்டுபோனேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மூக்கு எடுப்பாக இருக்கிறது என்றாள். அப்புறம் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். நான் விரலை வைத்துக் காட்டினேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய், சாய்த்துச் சாய்த்து எழுத்துக் கூட்டிப் பார்த்தாள்.

“யாருடி உன் பேரு மேல இப்படிக் கிறுக்கி வச்சது?” என்று அம்மாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. யார் என்று சொல், போனைப் போடு, நான் கேட்கிறேன் என்று நின்றாள்.

“நான்தாம்மா” என்றேன்.