வேலை நிக்குது, அண்ணை

புலம்பெயர்ந்து வந்த ஹோர்சன்ஸ் நகரில் ஒரு சிறிய கட்டடக் கம்பெனியில் வேலைத்தலங்களுக்குப் பொறுப்பாக இருந்தவள் ஜெனிதா. வன்னியில் சண்டை முடிவுக்கு வந்துகொண்டிருந்த அந்த மே மாதத்தில், குருசுமுத்துவின் வீட்டுக்குப் பின்புறம் ஒரு அறை கட்டும் வேலை அவளுடைய கையில் இருந்தது. வேலை நிற்பதை ஈமெயிலில் அறிவித்தால் போதும் என்று முதலாளி சொன்னார். அவள் நேரிலேயே போனாள்.

குருசுமுத்து இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்பவர். மேசையில் ரேடியோவும் இரண்டு போனும் இருந்தன. மனைவி யசிந்தா ஜன்னலோரம் நின்றாள்.

"அண்ணை, இண்டையிலிருந்து வேலை நிக்குது," என்றாள் ஜெனிதா. "நகரசபை அனுமதி இன்னும் வரேல்லை. அறை எல்லைக்குக் கிட்ட வருது. பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் தருவினம். அவை இன்னும் பதில் சொல்லேல்லை."

"பின்னுக்கிருந்த பழைய சீமெந்து மேடையை உடைச்சனீங்கள்தானே?" என்றார் குருசுமுத்து.

"அதுக்கு அனுமதி தேவையில்லை. அத்திவாரத்துக்குத் தேவை. அனுமதியில்லாமல் கட்டினால் இடிக்கச் சொல்லுவினம். சுவரைத் திறக்கிற இடத்துக்கு மேல, கூரையைத் தாங்க வைக்கிற இரும்பு வளையும் வரேல்லை. ஜன்னல்களும் ஃபாக்டரியிலதான்."

"எப்ப வரும்?"

"தெரியாது அண்ணை. திகதி சொன்னால் அது பொய். வெள்ளிக்கிழமை நகரசபைக்கும் ஃபாக்டரிக்கும் போன் எடுத்துக் கேட்டுப்போட்டு, என்ன பதிலெண்டாலும் உங்களுக்குச் சொல்லுறன்."

குருசுமுத்து எழுந்தார். முல்லைத்தீவுக் கரையில் அகப்பட்டிருந்த தம்பியின் குடும்பத்துக்காகத்தான் அந்த அறை. தம்பி கடைசியாகக் கதைத்தபோது, 'எப்படியும் வாறம், இடம் வைச்சிருங்கோ' என்று சொல்லியிருந்தான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"செஞ்சிலுவைக்கு எடுத்தால் பொறுங்கோ எண்டுறான். மினிஸ்ட்ரிக்கு எடுத்தால் பொறுங்கோ எண்டுறான். நீயுமா பிள்ளை? நான் கையெழுத்து வைக்கிறன். பொறுப்பு எனக்கு. சுவரையாவது உடை."

"வளை இல்லாமல் அந்தச் சுவரைத் தொடேலாது. கூரை அதிலதான் நிக்குது."

"நீ எங்கட பிள்ளையெண்டுதான் உன்னட்டைத் தந்தனான்."

ஜெனிதாவின் மாமாவும் அந்தக் கரையில்தான் இருந்தார். அதைச் சொன்னால் தன்னை நியாயப்படுத்துவது போல இருக்கும் என்று சொல்லாமல் வந்துவிட்டாள்.

அடுத்த நாள் காலையில் யசிந்தா போன் எடுத்தாள். "தங்கச்சி, உடன வாரும். இவர் சுவரை உடைச்சுப்போட்டார்."

ஜெனிதா மேசன் கிளாவுஸைக் கூட்டிக்கொண்டு ஓடினாள். பின்சுவரில் ஓர் ஆள் புகக்கூடிய ஓட்டை. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. ஓட்டைக்கு மேலே செங்கல்லில் ஒரு வெடிப்பு, சரிவாகக் கூரை விளிம்புவரை போயிருந்தது. சம்மட்டியைப் பிடித்தபடி குருசுமுத்து செங்கற்குவியலில் இருந்தார். கைகளில் இரத்தம் காய்ந்திருந்தது.

"அண்ணை, எழும்பி இஞ்சால வாங்கோ," என்றாள். அவர் அசையவில்லை. அவள் உள்ளே போய் அவருடைய அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். மேலிருந்து ஒரு கல் விழுந்து, அவர் இருந்த இடத்தில் உடைந்தது.

கிளாவுஸ் சுவரின் இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கிகளை நிறுத்தி, மேலே குறுக்குக்கட்டை கொடுத்து இறுக்கினான். ஜெனிதா ஓட்டைக்குப் பலகை அடித்து பிளாஸ்டிக் விரித்தாள்.

வேலை முடிந்த பிறகுதான் யசிந்தா சொன்னாள். நேற்று பின்னேரம் வவுனியாவிலிருந்து ஒருவர் போன் எடுத்திருக்கிறார். தம்பியும் மனைவியும் பதுங்குகுழிக்குள்ளேயே செத்துப்போய்விட்டார்கள். மகள் பற்றிமா மட்டும் முகாமில் இருக்கிறாளாம். ஒன்பது வயது.

"போனை வைச்சிட்டு நேரா சம்மட்டியை எடுத்தவர், விடியும்வரை விடேல்லை. நான் மறிக்கேல்லை," என்றாள் யசிந்தா.

ஜெனிதா குருசுமுத்துவுக்குப் பக்கத்தில், நிலத்தில் இருந்தாள். அவருடைய கையைத் துடைத்துவிட்டாள்.

"பிள்ளை, அறை வேலையை முழுக்க நிப்பாட்டச் சொன்னால் நிப்பாட்டுவியா?" என்றார் அவர்.

"நிப்பாட்டுறன் அண்ணை."

அவர் பலகை அடித்த ஓட்டையைப் பார்த்தார். "வேண்டாம். அந்தச் சின்னது ஒண்டாவது வரும்."

வெள்ளிக்கிழமை, சொன்னபடி போன் எடுத்துக் கேட்டாள். அனுமதி வரவில்லை. அதையே குருசுமுத்துவுக்குச் சொன்னாள். அடுத்த வெள்ளியும் அப்படித்தான். ஜூன் முடிவில் அனுமதி வந்தது. கோடை விடுமுறை கழிந்து வளையும் ஜன்னல்களும் வந்தன. குளிருக்கு முன் அறை முடிந்தது.

பற்றிமாவைத் தங்களிடம் எடுப்பிக்க விண்ணப்பம் போட்டார்கள். அதிகாரிகள் தாய் தகப்பனுடைய மரணச் சான்றிதழ் கேட்டார்கள். அந்தக் கரையில் இறந்தவர்களுக்கு அதை எழுதிக்கொடுக்க யாரும் இருக்கவில்லை. அடுத்த வருஷம் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. வவுனியாவில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதியில் பற்றிமா படித்தாள். குருசுமுத்து ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்குப் போன் எடுத்துக் கதைத்தார். எப்போது கூப்பிடுவீர்கள் என்று அவள் கேட்பதைக் கொஞ்சக் காலத்தில் விட்டுவிட்டாள்.