எச்சில் வாளியின் எடை

இலக்கு மூன்று மாதத்துக்கானது. நான்காவது வாரத்திலேயே எட்டிவிட்டது. அதற்காக விடுதி வார்டன் லூயிசா மிஸ் வின்னியைச் சாப்பாட்டுக் கூடத்தில் எழுந்து நிற்கச் சொன்னார். கைதட்டச் சொன்னார். வின்னிக்குக் காது சூடேறியது. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே தாவணி முனையைத் திருகுகிற பெண் அவள். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி கடைசி வருடம்.

திட்டம் அவளுடையது. அந்த வருடம் அரிசிக்குப் பெரிய தட்டுப்பாடு. விடுதிக்குப் பின்னால் இருந்த குழியிலோ தினமும் சோறு நாறியது. எதையும் வீணாக்காத விடுதிக்கு ஒரு திட்டம் எழுதச் சொல்லிப் பிரின்சிபால் கேட்டார். யாரும் எழுதவில்லை. வின்னி எழுதினாள். அதனால் விடுதிச் செக்ரட்டரி வேலையும் அவள் தலையில் விழுந்தது.

முதல் வாரம் எதையும் மாற்றக் கூடாது; எடை மட்டும் போட வேண்டும். பிசிக்ஸ் லேபிலிருந்து சுருள்வில் தராசு ஒன்றைக் கடன் வாங்கிச் சமையல்கட்டு வாசலில் தொங்கவிட்டாள். தட்டில் மிஞ்சுவது ஒரு வாளி, காய்த்தோல் ஒரு வாளி, காகிதமும் தகரமும் ஒரு பெட்டி. காய்த்தோலை இரண்டு குழிகளில் மாற்றி மாற்றிப் போட்டு, சருகும் சாணிக்கரைசலும் சேர்த்து, வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். சமைத்த சோற்றைக் குழியில் போட்டால் எலி வரும். அதனால் அதைப் பாத்திரம் கழுவுகிற ஜெயம்மாவின் பன்றிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். காகிதமும் தகரமும் பழைய சாமான்காரருக்கு.

விடுமுறைக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள் என்று தலைக்கணக்கு மாறும் என்பதால் எடையைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துக்கொண்டாள். தட்டில் மிஞ்சுவது முதல் வாரத்தில் தலைக்கு நூற்றைம்பது கிராம். ஒரு மாதத்தில் அதில் பாதி, மூன்று மாதத்தில் இருபத்தைந்து கிராம், வருடம் முடிவதற்குள் குப்பைக் குழிக்கு எதுவும் போகக் கூடாது. கூடத்துச் சுவரில் வரைபடத்தாளை ஒட்டித் தினமும் சிவப்புப் புள்ளி வைத்தாள்.

கோடு மளமளவென்று இறங்கியது. சனிக்கிழமை கல்லூரிக் கமிட்டி வருகிறதாம், அதைப் பார்க்க.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில் புள்ளி வைக்கப் போனவளைச் சுலோச்சனா கூப்பிட்டாள். நந்திதுர்க் சுரங்கத் தொழிலாளர் லைன்வீட்டுப் பெண். ஸ்காலர்ஷிப்பில் தங்கிப் படிப்பவள்; மாச விடுமுறைக்கு மட்டும்தான் வீட்டுக்குப் போவாள்.

"இன்னாடீ, உன் கோடு தரைக்கு வந்துடுச்சா?"

"கிட்ட வந்துடுச்சு."

"வராம இன்னா பண்ணும்? தட்ட வழிச்சு நக்கிட்டு வெரலயும் நக்கினு கீறோம். மிச்சம் வெக்க இன்னா கீது?"

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை அது.

"ரெண்டாந்தபா சோறு கேட்டா இல்லன்றாங்க. 'வின்னி பாப்பா சார்ட்டு கெட்டுடும்'ன்றாரு சமையல்காரரு. ஏண்டீ, எங்க வயித்துலயா புள்ளி வெக்கிற?"

வின்னி நேராகச் சமையல்கட்டுக்குப் போனாள். சமையல்காரர் மரியகுழந்தை பானையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வேளைக்கு எவ்ளோ அரிசி போடுறீங்க?"

"எட்டு கிலோ."

"முன்ன?"

"பன்னெண்டு." அவர் நிமிரவில்லை. "மிஸ்ஸம்மாதான் அளந்து குடுக்கறாங்க. நான் இன்னா பண்றது, பாப்பா? திட்டமே உன்னுதுன்னாங்க."

வின்னி அங்கேயே நின்றாள். முதலில் கோபம் லூயிசா மிஸ் மேல் வரவில்லை. தன் மேல்தான் வந்தது. அவள் அப்பா சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்க மில்லில் சாம்பிள் எடுப்பவர். ஆலைக்குள் போகிற கல்லுக்கு 'ஹெட்', தங்கம் எடுத்தபின் வெளியே தள்ளுகிற மண்ணுக்கு 'டெயில்'. டெயிலில் தங்கம் குறைந்தால் ஆலை நன்றாக ஓடுகிறது என்றும் அர்த்தம், வந்த கல்லிலேயே தங்கம் இல்லை என்றும் அர்த்தம். இரண்டையும் அளக்காமல் இந்த ஊரில் யாரும் மில் கணக்கில் கையெழுத்துப் போடமாட்டார்கள். இதைச் சோறு ஊட்டும்போதே கேட்டு வளர்ந்தவள், வாளியை மட்டும் எடை போட்டாள். பானையை விட்டுவிட்டாள். அறுபது பெண்கள் ஒரு மாதமாக அரைவயிற்றோடு படுத்திருக்கிறார்கள். அவள் அதை வெற்றி என்று வரைந்திருக்கிறாள்.

வார்டன் அறையில் லூயிசா மிஸ் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்.

"மிஸ், அரிசிய ஏன் கொறச்சீங்க?"

"நாட்டுல அரிசி எங்க கீது? மிஞ்சுச்சு, அதனால கொறச்சேன். நீ கேட்டது கொறையணும்னுதானே? கொறஞ்சுதா, இல்லியா?"

"பசிக்குது அவங்களுக்கு."

"வீட்டுல மட்டும் பால் பாயசமா குடிக்கறாளுங்க?" ஊசி நிற்கவில்லை. "சனிக்கிழம நல்ல பொடவயா கட்டிக்க."

வின்னி வெளியே வந்தாள்.

சனிக்கிழமை கமிட்டியார் ஏழு பேர் வந்தார்கள். தலைவர் ஹரோல்ட், மில் சூப்பரின்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வரைபடத்தின் முன் நின்று, "பியூட்டிஃபுல்" என்றார். லூயிசா மிஸ் விளக்கினார். பிறகு விருந்து. ஒரு மாதமாக மிச்சம் பிடித்த அரிசியில் நெய்ச்சோறு, குருமா, பாயசம். பெண்களுக்கு அவர்கள் போன பிறகு.

சாப்பிட்டு எழுந்தார்கள். ஏழு இலையிலும் சோறு மேடாகக் கிடந்தது.

வின்னி வாளியை எடுத்து வந்தாள். ஒவ்வோர் இலையாக வழித்துப் போட்டாள். கை கழுவி வந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"அத ஜெயம்மா பாத்துக்குவா," என்றார் லூயிசா மிஸ் மெல்லிய குரலில்.

"எல்லாச் சாப்பாட்டையும் நிறுக்கணும் மிஸ். திட்டத்துல அப்படித்தான் எழுதியிருக்கேன்."

தராசில் மாட்டினாள். முள் ஆடி நின்றது. வாளியின் எடையைக் கழித்தாள்.

"ஒன்றரைக் கிலோ," என்றாள். "இந்த ஹாஸ்டல்ல அறுபது பேர் ஒரு நாள் முழுக்க மிச்சம் வெக்கறதும் அவ்ளோதான்."

யாரோ இருமினார்கள். ஹரோல்ட் முகம் சிவந்தது.

"யாரும்மா நீ?"

"இந்தப் படத்த வரஞ்சவ. தப்பா வரஞ்சவ." குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "சார், நீங்க மில்லுல இருந்தவங்க. டெயில மட்டும் காட்டினா கையெழுத்துப் போட்டிருப்பீங்களா?"

அவர் படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ஹெட் எவ்ளோ?" என்றார்.

"பன்னெண்டு கிலோ இருந்தது. எட்டாக்கிட்டாங்க. மிச்சத்தத்தான் நீங்க சாப்பிட்டீங்க."

அவர் லூயிசா மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் சுவரைப் பார்த்தார். காபி ஆறிக்கொண்டிருந்தது, யாரும் குடிக்கவில்லை.

அவர்கள் போனதும் மிஸ் சொன்னார்: "செக்ரட்டரி வேல நாளையிலிருந்து உனக்கில்ல." ஆனால் மாலையில் மரியகுழந்தை எவ்வளவு என்று கேட்டபோது, முகத்தைத் திருப்பிக்கொண்டே பன்னிரண்டு கிலோ அளந்து கொடுத்தார்.

அன்றிரவு கரண்டி கரண்டியாகச் சோறு விழுந்தது. இரண்டாம் முறையும் கேட்டுக் கேட்டுப் போட்டார்கள். கடைசி முறையாக வின்னி வாளியோடு வாசலில் நின்றாள். வாளி கனத்தது. சுலோச்சனா வந்து தட்டைச் சாய்த்தாள். பாதிச் சோறு வழுக்கி விழுந்தது.

வின்னிக்குக் கோபம் தலைக்கேறியது.

"இதுக்குத்தான் எல்லார் எதிர்லயும் நின்னேனாடீ? கேட்டு வாங்கிட்டுக் கொட்டறியா?"

சுலோச்சனா முறைக்கவில்லை. வெறும் தட்டையே பார்த்தாள்.

"திங்கணும்னுதாண்டீ வாங்கினேன். எறங்கல. ஒரு மாசமா கொஞ்சமா தின்னே பழகிடுச்சு."

வின்னி வாளியைத் தராசில் மாட்டினாள். எடையைப் பார்த்தாள். கோடு செங்குத்தாக ஏறப்போகிறது. வரைபடத்தில் புதிதாக ஒரு கட்டம் இழுத்து, முதல் வாரம் என்று எழுதினாள். பானைக்கென்று நீலத்தில் ஒரு புள்ளி, வாளிக்கென்று சிவப்பில் ஒரு புள்ளி. பென்சிலை அவள் அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.